ஒவ்வாமை: ‘சேராது’ என்றால் என்ன ஆச்சு என்று கேளுங்கள்

மேலூர்ப் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். சீட்டை நீட்டும்போதே "பென்சிலின் சேராதுங்க" என்று சொல்கிறவர்கள் அடிக்கடி வருவார்கள். இந்தச் ‘சேராது’வைத்தான் ஆஸ்பத்திரியில் அலர்ஜி என்று எழுதிவிடுகிறார்கள், தமிழில் ஒவ்வாமை. அலர்ஜி, மருந்துக் கோர்ஸ் என்ற சொற்களை நம் ஆட்களுக்குத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் இங்கே பேச்சு.

அலர்ஜி என்ற சொல்லை 1906-இல் உருவாக்கியவர் வியன்னாவில் குழந்தை மருத்துவராக இருந்த கிளெமென்ஸ் ஃபான் பிர்கே. கிரேக்கத்தில் ‘அல்லோஸ்’ என்றால் வேறு, ‘எர்கோன்’ என்றால் வேலை, அதாவது உடம்பு வேறு மாதிரி வேலை செய்கிறது என்று பொருள். நம் சொல் வேறு வழியில் வந்தது. ஒவ்வு என்றால் ஒத்திரு, பொருந்து. "சிறப்பொவ்வா" என்று குறளில் (972) வருவதும் இதே ஒவ்வுதான், அங்கே சமமாகாது என்ற பொருளில். "உடம்புக்கு ஒத்துக்காது" என்று நாம் பேசுவதும் இதே வேர்தான். சொல் அழகாகப் பொருந்துகிறது, ஆனால் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது: வயிற்றுப்போக்கு வந்தாலும் ஒத்துக்காது, மூச்சு முட்டினாலும் ஒத்துக்காது. மருத்துவத்தில் ஒவ்வாமை என்றால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி மருந்தை எதிரியாக நினைத்துப் பாய்வது மட்டும்தான். வயிற்றுப்போக்கு பெரும்பாலும் பக்கவிளைவு. அதனால் தமிழ்ச்சொல்லாக ஒவ்வாமையையே எழுதுங்கள், நோயாளியிடம் கேட்கும்போது மட்டும் அந்தச் சொல்லோடு நிறுத்தாதீர்கள் என்பேன்.

போன மாதம் ஒரு அக்கா 9 வயசுப் பையனைக் கூட்டி வந்தார். காய்ச்சல், தொண்டையில் சீழ்ப் புள்ளி, கழுத்தில் நெறி, இருமல் இல்லை. டாக்டர் பெனிசிலின் குடும்பத்து அமாக்ஸிசிலின் ரெண்டு வேளை, 10 நாள் எழுதினார். "ஐயோ, அவனுக்கு அது சேராது சார்."

டாக்டர் சீட்டை மாற்றாமல் கேட்டார். என்ன ஆச்சு? மருந்து குடித்து எவ்வளவு நேரத்தில்? உடம்பில் காணாக்கடி மாதிரி தடித்ததா, உதடு வீங்கியதா, இழுப்பு வந்ததா? ஊசி போட வேண்டி வந்ததா? அப்புறம் எப்போதாவது அதே மருந்து கொடுத்தீர்களா? மூணு வயசில் சிரப் குடித்து ரெண்டு நாள் வயிற்றால் போனது, வேறொன்றும் இல்லை என்றார் அக்கா. போன வருஷம் காதுவலிக்குக் கொடுத்த மாத்திரையின் பழைய சீட்டும் பையில் இருந்தது, அதிலும் ...சிலின். ஒரு தொந்தரவும் இல்லாமல் ஐந்து நாள் சாப்பிட்டிருக்கிறான். சரி, இது ஒவ்வாமை இல்லை என்று டாக்டர் முடிவெடுத்தார்.

பதில் வேறாக இருந்திருந்தால் முடிவும் வேறு. ஒரு மணி நேரத்துக்குள் தடிப்போடு மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்திருந்தால் சிலின் என்று முடியும் குடும்பமே வேண்டாம். வாயிலும் தோலிலும் கொப்புளம் வந்து உரிந்திருந்தால் அதைத் திரும்பத் தொடவே கூடாது. செஃப் என்று தொடங்கும் மருந்துகள் பெனிசிலினுக்குப் பங்காளிமுறை. சிலவற்றுக்கு மூலக்கூறின் ஒரு பகுதியான பக்கச் சங்கிலி ஒன்றுபோல இருக்கும், செஃபலெக்சினுக்கும் ஆம்பிசிலினுக்கும் இருப்பதைப் போல, அதனால் டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும். அஸித்ரோமைசின் முற்றிலும் வேறு குடும்பம். ஆனால் அதற்கு மசியாத தொண்டைக் கிருமிகள் உண்டு, பெனிசிலினுக்கு மசியாத குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற தொண்டைக் கிருமி இதுவரை நோயாளிகளிடம் உறுதியானதில்லை. தவறாக ஒட்டிய ஒரு ‘சேராது’வால் பையன் இழந்திருக்கக்கூடியது அந்தப் பெனிசிலின் குடும்பத்தைத்தான்.

சின்ன வயசில் உண்மையாகவே ஒவ்வாமை இருந்தாலும் அது ஆயுசுக்கும் நிற்பதில்லை. பத்து வருஷத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் பேருக்குப் போய்விடும். அதைச் சோதித்துப் பார்ப்பது ஆஸ்பத்திரியில், அவசரத்துக்கு அட்ரினலின் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு. வீட்டில் இல்லை.

"மூணு நாளில் சரியாகிட்டா நிறுத்திறலாம்ல?" என்று கேட்டார் அக்கா. நான் சொன்னது: "வலி போறது கிருமி போனதா அர்த்தம் இல்லக்கா. மிச்சக் கிருமி தொண்டையில இருந்தா, ரெண்டு மூணு வாரம் கழிச்சு மூட்டு வீங்கி, இதய வால்வைக்கூடப் பாதிக்கலாம். அந்த வாதக் காய்ச்சலத் தடுக்கத்தான் 10 நாள்." எல்லா நோய்க்கும் பத்து நாள் கிடையாது, சிலதுக்கு மூன்றோ ஐந்தோ போதும், சீட்டில் எழுதிய நாள்தான் கணக்கு. அதனால்தான் கோர்ஸ் என்பதற்கு ‘முழு நாள் மருந்து’ என்று சொன்னால் நம் ஊரில் சட்டென்று புரிகிறது.

அட்டையில் தேதி போட்டு இருபது மாத்திரையையும் எண்ணிக் கொடுத்தேன். இடையில் தடிப்பு வந்தால் முழு நாள் என்று பிடிவாதம் பிடிக்காமல் அப்போதே நிறுத்திவிட்டுப் பையனை அழைத்து வரச் சொன்னேன், உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ இங்கே வராமல் நேராக 108-ஐக் கூப்பிடுங்கள் என்றும்.