பாம்பனும் பனாமாவும் ஒரே கோட்டில்

வினாடி வினாவில் தடுமாறுகிறது என்று என்னிடம் கூட்டி வந்ததில், இந்த மாதத்தில் இது மூன்றாவது பிள்ளை. அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வந்தவன் பாம்பன்காரன், ஆறாம் வகுப்பு. அவன் அம்மா பையிலிருந்து அட்லஸை எடுத்து மேஜையில் வைத்தார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் அடிக்கோடு. கூடவே ஒரு நோட்டு, ஒவ்வொரு தலைநகரும் பத்துத் தடவை எழுதியது. "புத்தகத்தைத் தொட்டாலே கொட்டாவி விடுறான் டீச்சர். வீட்ல எல்லாத்தையும் ஒப்பிக்கிறான், போட்டியில போய் நின்னா முழிக்கிறான். ஞாபகசக்திக்கு ஏதாச்சும் கொடுக்கணுமா?"

நடந்தது இதுதான். அந்தமானையும் நிக்கோபாரையும் பிரிப்பது எது என்று கேட்டிருக்கிறார்கள். "10° கால்வாய்" என்று உடனே சொல்லிவிட்டான். அடுத்த சுற்றில் பெயர் எழுதாத வரைபடத்தைக் கொடுத்து, அதே கால்வாயைத் தொட்டுக் காட்டச் சொன்னார்கள். விரலைக் கொண்டுபோய் லட்சத்தீவுப் பக்கம் வைத்தான்.

அம்மாமார்களே, அப்பாமார்களே, இது ஞாபகக் குறை இல்லை. வினாடி வினாவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிற ஒவ்வொரு வருடமும் இதை நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். 8° கால்வாய், 9° கால்வாய், 10° கால்வாய் என்று மூன்று பெயர்களை வெறும் சொல்லாக மனப்பாடம் செய்தால் அவை ஒன்றோடொன்று குழம்பத்தான் செய்யும். அந்த 8, 9, 10 எல்லாம் அட்சக்கோட்டு எண்கள் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. போதாக்குறைக்கு 'கால்வாய்' என்ற சொல். நம் பிள்ளைகளுக்குக் கால்வாய் என்றால் கண்மாயிலிருந்து வயலுக்குத் தண்ணீர் போகிற வாய்க்கால்தான். இவையோ நூறு கிலோமீட்டருக்கும் மேல் அகலமான திறந்த கடல்.

அட்லஸும் தன் பங்குக்குக் குழப்பும். ஒரு பக்கத்தில் இந்தியா, அடுத்த பக்கத்தில் அதே அளவில் இலங்கை. பக்கத்துக்குப் பக்கம் அளவுகோல் மாறுகிறது என்பது பெரியவர்களுக்கே உறைப்பதில்லை. சில வரைபடங்களில் தீவுகளை இடம் போதாமல் ஓரத்தில் ஒரு பெட்டிக்குள் போட்டுவிடுவார்கள். பெட்டிக்குள் போன தீவு எந்தக் கோட்டில் இருக்கிறது என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? இடம் தெரியாத பெயர்களின் பட்டியலைப் பார்த்தால் எனக்கே கொட்டாவி வரும்.

நான் அவனிடம் அட்லஸைத் திறக்கவே இல்லை. "அப்பா எங்கே தம்பி வலை போடுறாங்க?" என்று கேட்டேன். "தென்கடல்ல. ஜிபிஎஸ்ல நம்பர் வச்சிருக்காங்க டீச்சர். ஒம்பது பன்னெண்டு, எழுபத்தொம்பது பதினாலு" என்றான், மூச்சு விடாமல்.

9 பாகை 12 நிமிடம் வடக்கு, 79 பாகை 14 நிமிடம் கிழக்கு. தலைநகரம் நிற்காத பிள்ளைக்கு அட்சமும் தீர்க்கமும் மனப்பாடம்! அவன் அம்மா அவனைத் திரும்பிப் பார்த்தார். பாம்பன் கரை ஏறக்குறைய 9°17'. அட்சத்தில் ஒரு நிமிடம் என்றால் ஒரு நாட்டிகல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். அப்படியானால் அப்பா ஐந்து நாட்டிகல் மைல், ஒன்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக, தெற்கே போகிறார். இந்தக் கணக்கை அவன்தான் போட்டான்.

இங்கிருந்துதான் விளையாட்டு. நான் 'கோட்டுப் பயணம்' என்று சொல்வேன். சொந்த ஊர் அட்சக்கோட்டிலேயே கிழக்கு நோக்கிக் கிளம்பி, உலகத்தைச் சுற்றி ஊர் திரும்ப வேண்டும்.

தேவை ஒரு குளோப். தாங்கிப் பிடிக்கும் வளைவுப் பட்டையில் பாகை எண்கள் இருக்க வேண்டும், பார்த்து வாங்குங்கள். விரலை வைத்து விளையாடாதீர்கள், சின்னக் குளோப்பில் ஒரு விரல் நகமே ஐந்தாறு பாகையை மறைத்துவிடும். ஒரு தென்னை ஈர்க்கின் நுனியைப் பட்டையில் 10-க்குச் சற்றே கீழே, உருண்டையை உரசாமல் நீட்டிக்கொண்டிருக்கும்படி டேப் போட்டு ஒட்டுங்கள். அதுதான் பாம்பன் கோடு. இனி ஈர்க்கு அசையாது. குளோப்பை வலமிருந்து இடமாக மெல்லத் திருப்பினால் ஈர்க்கு நுனி என்கிற நம் படகு கிழக்கே போகும்.

விதி ஒன்றே ஒன்று: திருப்புவதற்கு முன் சொல்ல வேண்டும், அடுத்து வருவது தரையா கடலா என்று. சரியாகச் சொன்னால் ஒரு புள்ளி. நாட்டையோ கடலையோ பெயர் சொன்னால் இரண்டு. தப்பானால் திட்டு கிடையாது, படகு அங்கேயே ஒரு ஆட்டம் நங்கூரம்.

அவன் கிளம்பினான். முதலில் இலங்கையின் வடபகுதி, முல்லைத்தீவுப் பக்கம். பிறகு வங்காள விரிகுடா. அது முடிகிற இடத்தில் ஈர்க்கு நுனி ஒரு புள்ளியை உரசியது. குனிந்து படித்தான், கார் நிக்கோபார். "இங்கேயிருந்து 10-ஆம் பாகைக்குப் போகணும்னா எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். "வடக்க. நாப்பத்து மூணு நாட்டிகல் மைல்" என்றான். சொல்லிவிட்டு அப்படியே நின்றான். 10° கால்வாய் எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு வடக்கே அந்தமான், தெற்கே நிக்கோபார்.

தாய்லாந்து, வியட்நாமின் தென்முனை, பிலிப்பைன்ஸ் தாண்டியதும் பசிபிக். எல்லாப் பிள்ளைகளும் இங்கே "அடுத்து அமெரிக்கா" என்று அவசரப்படும். அட்லஸில் உலகப்படம் பெரும்பாலும் பசிபிக்கில்தான் வெட்டுப்பட்டிருக்கும், அதனால் அதன் அகலம் பிள்ளைக்குத் தெரியாது. குளோப்பைத் திருப்பத் திருப்பத் தண்ணீர்தான். நடுவே சில பவளத்தீவுகள் புள்ளியாக வந்து போகும். ஏறத்தாழ 150 பாகைக்குப் பிறகுதான் கோஸ்டாரிகாவும் பனாமாவும்.

பனாமாவில் படகைக் கட்டாயம் நிறுத்துங்கள். பனாமா நகரம் 9 பாகை வடக்கு, 79½ பாகை மேற்கு. பாம்பன் 9¼ பாகை வடக்கு, 79¼ பாகை கிழக்கு. எண்கள் கிட்டத்தட்ட அவைதான், திசை மட்டும் நேர் எதிர். இன்னொன்றும் உண்டு: பழைய பாம்பன் ரயில் பாலம் திறந்தது 1914 பிப்ரவரியில், பனாமா கால்வாய் திறந்தது அதே 1914 ஆகஸ்டில். கப்பல் போகப் பாலம் தூக்குவதைப் பார்த்து வளர்ந்த பையன், கப்பலைத் தண்ணீரோடு மேலே ஏற்றுகிற மதகுகளைப் பற்றி அரைமணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குப் போகிற கப்பல் அந்தக் கால்வாயில் தென்கிழக்காகப் போகும் என்பது வினாடி வினாக்காரர்களுக்குப் பிடித்த பொறி. குளோப்பில் பார்த்த பிள்ளை அதில் விழாது.

கொலம்பியா, வெனிசுலா, அட்லாண்டிக், பிறகு ஆப்பிரிக்காவின் குறுக்கே. நைஜீரியாவின் அபுஜாவும் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவும் கோட்டுக்குச் சற்றுத் தெற்கே, அரைப் பாகைக்குள். பத்துத் தடவை எழுதியும் நிற்காத இரண்டு பெயர்களும் 'நம்ம கோட்டு ஊர்' ஆனதும் நின்றுவிட்டன. அரபிக்கடலைக் கடக்கும்போது படகு 9° கால்வாய்க்குள்ளேயே வரும். தெற்கே மினிக்காய், வடக்கே மற்ற லட்சத்தீவுகள். மினிக்காய் ஏறக்குறைய 8°17', பாம்பனுக்கு ஒரு பாகை தெற்கே. அதற்கும் தெற்கே, மாலத்தீவுக்கு முன்னால் இருப்பது 8° கால்வாய், அது நம் கன்னியாகுமரி மட்டம். போட்டியில் குழம்பிய மூன்றும் ஒரே சுற்றில் தெளிந்தன.

இனி நீங்கள் செய்கிற தப்புகள். குளோப்பைச் சுற்றி ரப்பர் பேண்ட் மாட்டாதீர்கள். அது சுருங்கப் பார்த்துத் துருவத்துப் பக்கம் நழுவும், அட்சக்கோட்டில் நிற்காது. நூலும் கோட்டில் நிற்காது. பாம்பனிலும் பனாமாவிலும் இரண்டு முனையை வைத்து இழுத்துப் பிடித்தால், நூல் ஆப்பிரிக்காவை விட்டுவிட்டு ஸ்பெயின் மேல் போகும். அது குறுக்கு வழி, கோட்டு வழி இல்லை. நூல் ஸ்பெயினுக்குப் போனதென்றால் இழுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். (இதையே தனி விளையாட்டாக வைத்துக்கொள்ளலாம், விமானம் ஏன் வளைந்து போகிறது என்ற கேள்விக்குப் பதில் அதில் இருக்கிறது.)

செல்போன் வரைபடத்தில் பாம்பன் 9.28 என்று காட்டும். அதை 9 பாகை 28 நிமிடம் என்று எழுதாதீர்கள். அது தசமம். .28-ஐ 60-ஆல் பெருக்கினால் 16.8, அதாவது கிட்டத்தட்ட 17 நிமிடம். மாற்றி எழுதினால் 11 நிமிடம் பிசகி, படகு இருபது கிலோமீட்டர் தள்ளி வடகடலில் மிதக்கும். பெரிய பிள்ளைகளும் இதில் தவறுகிறார்கள், சரிபார்க்கிற பெரியவர்களும்தான்.

பழைய குளோப்பைத் தூசி தட்டிக் கொடுப்பவர்கள் தெற்கு சூடான் இருக்கிறதா என்று பாருங்கள். 2011-இல் பிறந்த நாடு, நம் கோட்டிலேயே வருகிறது. இல்லையென்றால் பிள்ளை பழைய பதிலைப் படித்துக்கொண்டிருக்கிறது.

இந்த விளையாட்டு எல்லாவற்றையும் தராது. ஐரோப்பா முழுக்கக் கோட்டுக்கு வெளியேதான் கிடக்கும், ஆறுகளும் மலைகளும் வேறு ஆட்டம். அட்லஸையும் தூக்கிப் போடாதீர்கள், வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன். பயணம் முடிந்த பிறகு, சந்தேகம் தீர்க்க, பின்பக்கத்து அகரவரிசையில் 9° வரும் ஊர்களைத் தேடச் சொல்லுங்கள். வாரம் இரண்டு நாள், இருபது நிமிடம் போதும். தயவுசெய்து விருந்தாளி முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்காதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

நாலாவது வாரம் அவன் எனக்கே ஒரு கேள்வி கொண்டுவந்தான். "பாம்பன்லேர்ந்து நேர் தெற்க போனா, குருசடைத் தீவைத் தாண்டுனதும் அடுத்த தரை எது டீச்சர்?" வீட்டில் எல்லாரும் இலங்கை என்றார்களாம். இலங்கை முழுவதும் 79½ பாகைக்குக் கிழக்கே இருக்கிறது, நம் தீர்க்கக்கோடு அதைத் தொடாமலே இறங்கும். அவன் ஈர்க்கைக் கழற்றிக் கையில் பிடித்து, பட்டை ஓரமாகவே கீழே கொண்டுபோய்க் காட்டினான். தண்ணீர், தண்ணீர், கடைசியில் அண்டார்டிகா. அங்கே சற்று மேற்கே, 76 பாகையில் இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையம் இருக்கிறது என்றேன். அட்லஸை அவனே எடுத்தான், அண்டார்டிகா எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே.