'ரிட்டர்ன் கிடையாது' என்ற வரி யாரைக் காப்பாற்றும்?

இன்ஸ்டாகிராமில் வீட்டிலிருந்தே புடவை விற்பவர்களின் பக்கத்தைத் திறந்தால், பயோவிலேயே 'நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்' என்று இருக்கும். நுகர்வோர் வழக்கு நடத்தும் வக்கீலாகச் சொல்கிறேன்: கிழிசல் உள்ள புடவையை அனுப்பியிருந்தால் அந்த வரி செல்லாது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்கவும் பணத்தைத் திருப்பித் தரவும் மறுப்பது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். பில்லில் ஒரு கெடு இருந்தால் அதற்குள் தர வேண்டும். எந்தக் கெடுவும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள். வாங்கியவர் தன் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. ஒரு புடவைக்காக விற்றவர் வேறு மாவட்டத்துக்கு அலைய வேண்டி வரலாம்.

ஆனால் எல்லா ரிட்டர்னும் ஒன்றல்ல. சேலத்திலிருந்து ஒருவர் 1,850 ரூபாய் புடவையை 80 ரூபாய் கூரியர் வாங்கிக்கொண்டு மதுரைக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். முந்தானையில் இழை அறுந்திருக்கிறது, அல்லது மெரூன் கேட்டதற்குப் பச்சை போயிருக்கிறது. இது விற்றவர் பக்கத் தவறு. 1,850 ரூபாயோடு அந்த 80 ரூபாயையும் தர வேண்டும், திருப்பி அனுப்பும் செலவும் அவருடையதே. இன்னொரு பக்கம், புடவை படத்தில் உள்ளபடியே இருக்கிறது, 'எனக்கு எடுப்பா இல்லைங்க' என்கிறார் வாங்கியவர். இங்கே திரும்ப எடுப்பதா, வேறு புடவை தருவதா, எதுவும் இல்லையா என்பது விற்பவரின் விருப்பம். ஆனால் அதை வாங்குவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒரே வரியில் அடக்கியதால் வந்தவை.

புரொஃபைலில் பின் செய்து வைக்க இப்படி எழுதித் தருவேன்:

'கிழிசல், கறை, நீங்கள் கேட்காத புடவை: பார்சல் கைக்கு வந்த 7 நாளுக்குள் போட்டோவுடன் மெசேஜ் செய்யுங்கள். திருப்பி அனுப்பும் கூரியர் செலவு எங்களுடையது. புடவை எங்களிடம் வந்த 3 நாளுக்குள் முழுப் பணமும், நீங்கள் கட்டிய கூரியர் பணமும் திரும்பத் தருவோம்.

பிடிக்கவில்லை என்றால்: 3 நாளுக்குள் சொல்லுங்கள். அதே விலைக்கு வேறு புடவை தருவோம், பணம் தர மாட்டோம். இரு பக்கக் கூரியரும் உங்கள் செலவு. ஃபால் அடித்த, பிளவுஸ் துணி வெட்டிய, துவைத்த புடவையை இதற்கு எடுக்க மாட்டோம்.'

கடைசி வரியில் உள்ள 'இதற்கு' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். ஃபால் அடிக்கக் கொடுத்தபோதுதான் நெசவுக் குறை கண்ணில் பட்டது என்றால், அது முதல் வகையில் சேரும். நாள் கணக்கு எங்கே தொடங்குகிறது என்பதும் முக்கியம். 'வாங்கிய 7 நாளுக்குள்' என்று எழுதினால், ஆர்டர் போட்ட நாளா பார்சல் வந்த நாளா என்று வாக்குவாதம் வரும். 'கைக்கு வந்த' என்று எழுதினால் கூரியர் டிராக்கிங்கில் உள்ள தேதியே பதில்.

'அன்பாக்சிங் வீடியோ இல்லாவிட்டால் ரிட்டர்ன் இல்லை' என்று இப்போது எல்லோரும் போடுகிறார்கள். வீடியோ நல்ல சாட்சிதான், கேட்பதில் தப்பில்லை. ஆனால் கிழிசல் போட்டோவில் தெளிவாகத் தெரியும்போது, வீடியோ இல்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி மறுத்தால் ஆணையத்தில் அது எடுபடும் என்று நான் நம்பவில்லை. 'பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்தால் சீக்கிரம் முடித்துத் தர முடியும்' என்று எழுதுங்கள். நீங்களும் பேக் செய்யும் முன் புடவையை விரித்து ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். தகராறு வந்தால் பேசப்போவது அதுதான்.

பணம் வந்த யூபிஐ கணக்குக்கே திருப்பி அனுப்புவோம் என்பதையும், அதற்காக ஓடிபியோ பின் நம்பரோ கேட்க மாட்டோம் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். கடை பெயரில் போலிக் கணக்கு தொடங்கி, 'ரீஃபண்ட் தருகிறோம்' என்று யாராவது ஏமாற்ற வந்தால் வாடிக்கையாளர் சுதாரித்துக்கொள்வார்.

சட்டம் சொல்வது பில்லில் உள்ள கெடுவை. அதனால் புரொஃபைலில் பின் செய்தால் மட்டும் போதாது, பார்சலோடு வைக்கும் பில்லிலும் அதே 7 நாள், 3 நாள் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பவர்கள், பணம் அனுப்பச் சொல்லும் முன் இதே வாசகத்தை அனுப்பிவிடுங்கள். பின்னர் விதியை மாற்றினால் கீழே தேதி போடுங்கள். அதற்கு முன் வந்த ஆர்டர்களுக்குப் பழைய விதியே.