வெயிலுக்கு ஏற்ப விளம்பர ஏலம்: ஒரு கிளிக்கின் மதிப்பு எப்போது மாறுகிறது?

கோடைக்காலச் சென்னையில் மேற்கிலிருந்து வரும் வறண்ட தரைக்காற்று வலுத்து, கடற்காற்று கரையேறத் தாமதமானால், உச்ச வெப்பநிலை சில மணி நேரத்தில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். அத்தகைய நாளில் மின்விசிறியின் விலையைக் கூகுளில் தேடுவோர் பெருகுகிறார்கள். ஒவ்வொரு தேடலின்போதும், முடிவுப் பக்கத்தில் எந்தக் கடையின் விளம்பரம் எந்த இடத்தில் தோன்ற வேண்டும் என்பதைத் தீர்மானிக்கக் கண்ணிமைக்கும் நேரத்திற்குள் ஓர் ஏலம் நடந்து முடிகிறது. விளம்பரத்தின் தரத்தோடு, ஒரு கிளிக்கிற்கு அதிகபட்சமாக எவ்வளவு தருவேன் என்று விளம்பரதாரர் முன்கூட்டியே குறித்து வைத்த தொகையும் அந்த ஏலத்தில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. வானிலையைப் பார்த்து இந்தத் தொகையை மணிக்கு மணி உயர்த்தவும் தாழ்த்தவும் முடியும். எவ்வளவு உயர்த்துவது என்பதில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள்.

வெயில் நாளில் தேடல்கள் இரு மடங்காகின்றன, ஆகவே ஏலத்தொகையையும் கூட்ட வேண்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்த முடிவு தவறு. ஏலத்தொகை என்பது ஒரு கிளிக்கிற்குத் தரச் சம்மதிக்கும் உச்ச விலை. எத்தனை கிளிக்குகள் வருகின்றன என்பதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஒரு மின்விசிறி விற்றால் கடைக்கு 400 ரூபாய் லாபம் கிடைக்கிறது என்றும், விளம்பரத்தைச் சொடுக்கி வருவோரில் நூற்றுக்கு இருவர் வாங்குகிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு கிளிக்கின் மதிப்பு 8 ரூபாய். அதற்கு மேல் கொடுத்தால் நஷ்டம். வெயில் நாளில் இரு மடங்கு பேர் வந்தும் நூற்றுக்கு இருவரே வாங்கினால், கிளிக்கின் மதிப்பு அதே 8 ரூபாயாகவே இருக்கிறது. அன்று கூட்ட வேண்டியது நாள் பட்ஜெட்டை மட்டுமே. பட்ஜெட்டை அப்படியே விட்டுவிட்டு ஏலத்தொகையைக் கூட்டினால், விலை கூடிய கிளிக்குகளால் பணம் நண்பகலுக்குள் தீர்ந்துவிடலாம். வேலை முடிந்து வீடு திரும்பிப் புழுக்கத்தில் உட்கார்ந்து தேடுவோரின் கண்ணில் அந்த விளம்பரம் படவே படாது.

ஏலத்தொகையைக் கூட்டுவதற்கு ஒரே நியாயம், வருவோரில் வாங்குவோரின் விகிதம் உயர்வதுதான். குளிர்ந்த மாதங்களில் மின்விசிறியைத் தேடுபவர்களில் பலர் விலையை ஒப்பிட்டுப் பார்ப்பதோடு நின்றுவிடக்கூடும். பழைய விசிறி பழுதாகி, இரவில் தூக்கம் கெட்டுத் தேடுபவர் அன்றே வாங்கிவிடக்கூடும். வெயில் நாள்களில் நூற்றுக்கு மூவர் வாங்குகிறார்கள் என்றால் கிளிக்கின் மதிப்பு 12 ரூபாய் ஆகிறது. பழைய 8 ரூபாயோடு ஒப்பிட்டால் பெருக்கம் 1.5, அதாவது 50 சதவீத உயர்வு. வானிலை ஏலத்தின் கணக்கு முழுவதும் இந்த ஒரு வகுத்தலில் அடங்கிவிடுகிறது.

கணக்கு எளிது என்றாலும், அந்த “நூற்றுக்கு மூவர்” என்ற எண்ணை நம்புவது எளிதன்று. வெயில் மிகுந்த சில நாள்களில் 600 கிளிக்குகள் வந்து 18 விசிறிகள் விற்றதிலிருந்து அந்த எண் கிடைத்திருந்தால், புள்ளியியல்படி உண்மையான விகிதம் நூற்றுக்கு 1.6 முதல் 4.4 வரை எதுவாகவும் இருக்கலாம். அந்த இடைவெளிக்குள் வழக்கமான 2 என்ற விகிதமும் இருக்கிறது. ஆகவே உயர்வு என்று நாம் கண்டது வெறும் தற்செயலாகவும் இருக்கக்கூடும். இந்த நிலையில் முழு 1.5-ஐயும் உடனே வைக்காமல், பாதி வழி சென்று 1.25 என்று தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன். தரவு சேரச் சேர அதை நகர்த்திக்கொள்ளலாம். இரண்டு, மூன்று என்று ஒரே தாவலில் உயர்த்தும் கணக்குகளைப் பார்க்கும்போது, அவற்றில் பெரும்பாலானவை சில நாள் விற்பனையைக் கண்டு மயங்கியவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து, “வெயில் நாள்” என்பதை எப்படி வரையறுப்பது? எல்லா ஊருக்கும் 37 டிகிரி என்று ஒரே கோடு கிழித்தால் விதி பயனற்றுப் போகும். மே மாதச் சென்னையில் 37 டிகிரி அன்றாட நிலை. பெங்களூருவில் அதே வெப்பநிலை செய்தித்தாளில் வரும். இந்திய வானிலை ஆய்வுத் துறை வெப்ப அலையை வரையறுக்கும்போதும் இந்த வேறுபாட்டை மதிக்கிறது. சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37 டிகிரி, மலைப்பகுதியில் 30 டிகிரி என்று வெவ்வேறு தொடக்க அளவுகளை வைத்து, அந்த ஊரின் அந்தக் காலத்து இயல்பு அளவிலிருந்து குறைந்தது 4.5 டிகிரி விலகியிருக்க வேண்டும் என்றும் அத்துறை எதிர்பார்க்கிறது. ஏல விதிக்கு அவ்வளவு கடுமை தேவையில்லை. இயல்பைவிட 2 அல்லது 3 டிகிரி கூடுதல் என்பதே நல்ல தொடக்கம். மின்விசிறியைப் பொறுத்தவரை இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார்ப்பது இன்னும் பொருத்தமானது, ஏனெனில் மக்கள் அதை வாங்குவது பெரும்பாலும் உறங்குவதற்காக. பருவத்தின் முதல் வெப்ப அலைக்கும் மூன்றாவது வெப்ப அலைக்கும் ஒரே பெருக்கத்தை வைப்பதும் சரியாகாது. வாங்க வேண்டியவர்களில் பலர் முதல் அலையிலேயே வாங்கி முடித்திருப்பார்கள்.

இந்த விதியை இயக்குவது ஒரு சிறு நிரல். அது மணிக்கு ஒருமுறை விழித்து, OpenWeatherMap போன்ற வானிலைச் சேவையிடம் ஒவ்வொரு ஊரின் நிலவரத்தையும் கேட்டுப் பெறுகிறது. பின்னர், எந்த கேம்பெயினில் எந்த ஊருக்கு எந்த வானிலையில் எவ்வளவு பெருக்கம் என்று எழுதி வைத்த விரிதாளைப் பார்த்து, கூகுள் ஆட்ஸில் அந்த ஊருக்கான பெருக்கத்தை மாற்றுகிறது. பார்வைக்கு எளிய இந்த வேலையில் மூன்று பொறிகள் இருக்கின்றன.

முதலாவது அலகு. அந்தச் சேவை, எதுவும் சொல்லாமல் கேட்டால் வெப்பநிலையைக் கெல்வினில் தருகிறது. 30 டிகிரி செல்சியஸ் என்பது அங்கே 303 என்று வரும். “35-க்கு மேல்” என்ற விதி ஜனவரி அதிகாலையிலும் உண்மையாகிவிடும். கேள்வியோடு `units=metric` என்று சேர்த்து அனுப்பினால் செல்சியஸில் கிடைக்கும். இரண்டாவது, மழை பெய்யாத நேரத்தில் பதிலில் `rain` என்ற பகுதியே இருக்காது. அதைச் சுழியம் என்று எடுத்துக்கொள்ளும்படி எழுதாவிட்டால் நிரல் பாதியில் நின்றுவிடும். மழைக்கோட்டுக்காக மழையின்போது உயர்த்திய தொகை மழை ஓய்ந்த பின்னும் இறங்காமல் நிற்கும். ஆகவே வானிலைத் தகவல் கிடைக்காதபோது பெருக்கத்தை 1 என்ற இயல்பு நிலைக்குத் திருப்புவதை நிரலின் முதல் கடமையாக வைக்க வேண்டும்.

மூன்றாவது பொறியே மிகுந்த செலவு வைப்பது.

```
// தவறு: ஒவ்வொரு மணியும் முந்தைய தொகையின் மேல் பெருகும்
keyword.bidding().setCpc(keyword.bidding().getCpc() * 1.3);

// சரி: எத்தனை முறை ஓடினாலும் அதே 1.3
location.setBidModifier(1.3);
```

முதல் வரி, அந்த நேரத்தில் இருக்கும் தொகையை எடுத்து 1.3-ஆல் பெருக்குகிறது. 8 ரூபாய் அடுத்த மணியில் 10 ரூபாய் 40 காசாகும். வெயில் நீடித்தால் ஆறு மணி நேரத்தில் 38 ரூபாயைத் தாண்டும். இரண்டாவது வரி, அடிப்படைத் தொகையைத் தொடாமல் ஊருக்கான பெருக்கத்தை மட்டும் குறிப்பதால் எத்தனை முறை இயங்கினாலும் மாற்றம் ஒன்றே. தவறு நேர்ந்திருக்கிறதா என்று அறிய, கூகுள் ஆட்ஸின் மாற்ற வரலாற்றைத் திறந்து, ஒரே கீவேர்டின் தொகை மணிக்கு மணி ஏறிக்கொண்டே போகிறதா என்று பார்த்தால் போதும். சாதனத்திற்கும் நேரத்திற்கும் வைத்த பெருக்கங்கள் ஊர்ப் பெருக்கத்தோடு ஒன்றையொன்று பெருக்கிக்கொள்ளும் என்பதையும் அப்போதே சரிபார்த்துவிடுவது நல்லது.

இதே விதியை மழைக்கோட்டுக்கும் குளிர்பானத்துக்கும் எடுத்துச் சென்றால், பொருள் வாங்குபவரின் கைக்குச் சேரும் நேரம் குறுக்கே வருகிறது. பத்து, இருபது நிமிடத்தில் வீட்டுக்கு வந்து சேரும் குளிர்பானத்திற்கு இந்த மணி நேரத்து வெப்பநிலையே போதுமான ஆதாரம். கூரியரில் இரண்டு நாள் கழித்து வரும் மழைக்கோட்டை, பெய்துகொண்டிருக்கும் மழைக்காக யாரும் வாங்க மாட்டார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அடுத்த மூன்று நாள்களுக்கான முன்னறிவிப்பே அங்கே விதியின் உள்ளீடாக இருக்க வேண்டும். கடையில் வந்து வாங்கிச் செல்லும் வசதி இருந்தால் மட்டும் அன்றைய மழையும் கணக்கில் சேரும். அப்போதும், தாம்பரத்தில் கொட்டும் மழை எண்ணூரில் தூறாமலே போகக்கூடும் என்பதால், சென்னை முழுவதையும் ஒரே புள்ளியின் மழை அளவால் ஆள்வது சரியாக இருக்காது. நகரைப் பல வட்டங்களாகப் பிரித்துத் தனித்தனியே குறிக்க வேண்டும். விளம்பர அமைப்பில் அந்த இடத்தில் ஆர்வம் காட்டுவோரை விலக்கி, அங்கே இருப்போரை மட்டும் தேர்ந்தெடுப்பதும் அவசியம். இல்லாவிட்டால், சென்னை மழைக்காக உயர்த்திய தொகையைத் துபாயிலிருந்து சென்னைக் கடைகளைத் தேடுபவருக்கும் சேர்த்துச் செலவிட நேரும்.

ஒரு விற்பனைக்கான செலவையோ, விளம்பரச் செலவுக்கேற்ற வருவாயையோ இலக்காகக் கொடுத்துத் தானியங்கி ஏலத்தை இயக்குவோருக்கு ஓர் எச்சரிக்கை: அந்த முறையில் ஊர்ப் பெருக்கங்களைக் கூகுள் பொருட்படுத்துவதில்லை. நிரல் ஒழுங்காக ஓடும், விரிதாள் நிறைந்திருக்கும், ஏலத்தில் மட்டும் எதுவும் மாறியிருக்காது. அங்கே வானிலைக்கு இசைய மாற்றக்கூடியவை பட்ஜெட்டும் இலக்கு அளவும்தான். சில நாள்களே நீடிக்கும் மாற்றங்களுக்குப் பருவகாலத் திருத்தம் என்ற தனி வசதியும் இருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும், விற்பனை கூடியது ஏலத்தாலா, வெயிலாலா என்ற கேள்வி எஞ்சுகிறது. ஏப்ரலை மார்ச்சோடு ஒப்பிட்டால் விடை கிடைக்காது, ஏனெனில் ஏலத்தைத் தொடாமல் இருந்தாலும் ஏப்ரலில் விசிறி அதிகம் விற்கும். நம்பத்தக்க வழி, விதியின்படி வெயில் நாள் என்று அறிவிக்கப்படும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஊருக்கும் நாணயம் சுண்டிப் பார்ப்பது போல் தற்செயலாகத் தீர்மானித்து, பாதி நாள்களில் பெருக்கத்தை வைத்து, மீதி நாள்களில் வைக்காமல் விடுவது. இரு வகை நாள்களும் சமமாக வெயில் அடித்தவை. ஆகவே இடையிலுள்ள வேறுபாட்டை ஏலத்தின் கணக்கில் எழுதலாம். விசிறி வாங்குபவர் இன்று சொடுக்கி மூன்று நாள் கழித்துப் பணம் செலுத்தக்கூடும் என்பதால், ஒரு நாளின் கணக்கை மூடும் முன் ஒரு வாரமாவது காத்திருக்க வேண்டும். ஒப்பிட வேண்டியது விளம்பரச் செலவு போக மிஞ்சிய லாபத்தை. கிளிக்குகளின் எண்ணிக்கையை அன்று. ஒரு கோடை முழுவதும் இப்படிச் செய்தும் இரு வகை நாள்களின் லாபமும் ஏறத்தாழ ஒன்றாகவே நின்றால், அந்தப் பெருக்கத்தை 1-க்குத் திருப்பிவிட்டு, வெயில் நாளில் பட்ஜெட்டை மட்டும் உயர்த்துவதே அந்தக் கடைக்குப் பொருத்தமான விதி.