200 கேபிக்குள் ஒரு மார்க் ஷீட்

பிளஸ் டூ மார்க் ஷீட்டை ஸ்கேன் செய்தால் 3 எம்பி வருகிறது, விண்ணப்பத் தளமோ 200 கேபிக்கு மேல் வாங்க மாட்டேன் என்கிறது, சுருக்கினால் பதிவெண்ணைப் படிக்க முடியவில்லை, என்ன செய்யலாம் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். படம் சுருங்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் விடை தானாக வந்துவிடும்.

ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், அதாவது 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2480 × 3508 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட் என்றால் ஏறக்குறைய 26 எம்பி. அதை 3 எம்பியாக்கித் தருவதே ஜேபெக் என்னும் படச் சுருக்க முறைதான்.

ஜேபெக் படத்தை 8 × 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள 64 வெளிச்ச அளவுகளை 64 அலைகளின் கலவையாக மாற்றி எழுதுகிறது. முதல் எண் கட்டத்தின் சராசரி வெளிச்சம். அடுத்தவை மெல்ல ஏறி இறங்கும் அலைகள், கடைசியில் வருபவை நெருக்கமான அலைகள். இதுவரை எதுவும் இழக்கப்படவில்லை. வெறும் வெள்ளைத்தாள் உள்ள கட்டத்தில் முதல் எண்ணைத் தவிர மற்ற 63-உம் பூச்சியம்தான். எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இது.

இழப்பு அடுத்த படியில் வருகிறது. ஒவ்வொரு எண்ணையும் அதற்கென உள்ள ஓர் எண்ணால் வகுத்து, அருகிலுள்ள முழு எண்ணாக்கி விடுகிறார்கள். நெருக்கமான அலைகளுக்கு வகுக்கும் எண் பெரிது, ஏனென்றால் அவற்றில் பிழை இருந்தாலும் கண் எளிதில் பிடிக்காது. முகத்தையோ வானத்தையோ பார்க்கும்போது அது சரி. எழுத்துக்கு அது பொருந்தாது.

ஒரு கட்டத்தின் இடப்பாதி வெளிச்சம் 230, வலப்பாதி 30 என்று வைத்துக்கொள்வோம். எழுத்தின் நேர்விளிம்பு இப்படித்தான் இருக்கும். கிடைவாக்கில் மிக நெருக்கமான அலையின் அளவு சுமார் 144 வரும் (குறியைக் கணக்கில் எடுக்கவில்லை). சேமிக்கும்போது நாம் தேர்ந்தெடுக்கும் தரம் 100-க்கு 50 என்றால் வழக்கமான அட்டவணைப்படி அதை 61-ஆல் வகுத்து 2 என்று வைப்பார்கள். விரிக்கும்போது மறுபடி 61-ஆல் பெருக்கினால் 122 கிடைக்கும், பெரிய பிழையில்லை. தரத்தை 10-க்கு இறக்கினால் வகுக்கும் எண் 255 ஆகிவிடும். விடை 1 என்று முழுமையாக்கப்படும், விரித்தால் 255. இல்லாத அளவுக்கு அந்த அலை பெருக்கிக் காட்டப்படுகிறது. எழுத்தைச் சுற்றி கொசுக்கூட்டம்போல் தெரியும் அழுக்கு இதனால் வருவதுதான். ன-வும் ண-வும், 3-உம் 8-உம் ஒன்றாகத் தெரிவதும் இப்படித்தான்.

வெளிச்சத்தை அலைகளாக மாற்றி எழுதும் கணக்குக்கு டிசிடி என்று பெயர். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது 1972-இல் இந்த யோசனையை ஆராய அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கொடுக்கவில்லை. ஆனாலும் விடாமல் செய்து, நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் 1974-இல் வெளியிட்டார். எளிமையாகத் தெரியும் யோசனைகளுக்கும் சிறிதளவாவது பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, மார்க் ஷீட்டுக்கு வருவோம். தரத்தை இறக்குவதற்கு முன் புள்ளிகளைக் குறையுங்கள். அகலத்தை 1240 ஆக்கினால் அது 150 டிபிஐ, புள்ளிகள் கால்பங்காகிவிடும். வழக்கமான அச்செழுத்துக்கு அது போதும். ஓரத்து வெற்றிடத்தையும் வெட்டிவிடலாம். தாளின் நுண்புள்ளிகளும் மொபைல் கேமராவின் இரைச்சலும் ஒவ்வொரு கட்டத்திலும் நெருக்கமான அலைகளை எழுப்பி இடத்தைத் தின்னும், அதனால் ஏறக்குறைய வெள்ளையாக இருப்பதை முழு வெள்ளையாக்குவது நல்ல பலன் தரும். ஆனால் பின்னணியில் உள்ள பாதுகாப்புக் கோலங்கள் மறையும் அளவுக்குப் போகக் கூடாது, சான்றிதழைத் திருத்தியதுபோல் தெரியும். கறுப்பு வெள்ளையாக்குவதில் எதிர்பார்க்கும் அளவுக்கு மிச்சமாகாது, ஏனென்றால் ஜேபெக் பொதுவாக நிறத் தகவலை முன்பே கால்பங்காக்கிவிடுகிறது. முத்திரையின் நிறம் இருக்கட்டும்.

படங்களைக் கட்டளை வரியில் மாற்ற உதவும் இமேஜ்மேஜிக் 7 மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு ஒரே வரி:

```
magick scan.png -resize 1240x -level 0%,92% -strip -define jpeg:extent=190KB cert.jpg
```

190 கேபிக்குள் அடங்கும் உயர்ந்த தரத்தை அதுவே தேடிக்கொள்ளும். 1 கேபி என்பதைச் சில இடங்களில் 1000 பைட் என்றும் சில இடங்களில் 1024 என்றும் கணக்கிடுவதால் 10 கேபி இடைவெளி விட்டிருக்கிறேன்.

ஒவ்வொரு முறையும் மூல ஸ்கேனிலிருந்தே தொடங்குங்கள். சுருக்கியதை மறுபடி அளவு மாற்றிச் சுருக்கினால் பிழையின் மேல் பிழை சேரும். வாட்சப்பில் படமாக அனுப்பினாலும் அது சுருங்கித்தான் வரும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். பதிவேற்றும் முன் படத்தை 100 சதவீத அளவில் திறந்து பதிவெண், பிறந்த தேதி, முத்திரைக்குள் இருக்கும் சிறிய எழுத்து மூன்றையும் படித்துப் பாருங்கள். முத்திரை எழுத்து மட்டும் தெரியவில்லை என்றால், அகலத்தை 1400 ஆக்கி அதே கட்டளையை மறுபடி ஓட்டிப் பாருங்கள். தரம் சற்று இறங்கும், ஆனாலும் சிறிய எழுத்துக்கு அதிகப் புள்ளிகள் கிடைப்பதால் பல நேரம் அதுவே தெளிவாக வரும்.