நார்கோலெப்சி: துயில் வந்து பிடிக்கும் நோய்

'நார்கே' என்ற கிரேக்கச் சொல்லுக்கு மரத்துப்போதல் என்று பொருள். தொட்டால் கையை மரக்கச் செய்யும் மின்திருக்கை மீனையும் கிரேக்கர்கள் இதே பெயரால்தான் அழைத்தார்கள். 'லெப்சிஸ்' என்றால் பிடித்தல். 1880-இல் ழெலினோ என்ற பிரெஞ்சு மருத்துவர் இவ்விரண்டையும் சேர்த்து 'நார்கோலெப்சி' என்று பெயர் வைத்தார்.

அவரிடம் வந்தவர் 38 வயதான மதுப்பீப்பாய் வியாபாரி. நாள் முழுக்கத் தூக்கம் அவரைத் திரும்பத் திரும்பப் பிடித்தது. வாய்விட்டுச் சிரித்தாலோ, நல்ல வியாபாரம் படியும்போல் இருந்தாலோ கால்கள் துவண்டன. சீட்டாட்டத்தில் நல்ல சீட்டு வந்தால் கை அசையாது. நாம் 'விழுந்து விழுந்து சிரித்தேன்' என்று பேச்சுக்குச் சொல்வது, இந்த நோயாளிகளுக்கு நிஜமாகவே நடக்கும். இப்படித் தசை துவள்வதற்குக் 'கேட்டப்லெக்சி' என்று தனிப்பெயர் உண்டு.

காரணம் தெரிய நூறாண்டுக்கு மேல் ஆனது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸில் சில பத்தாயிரம் நரம்பணுக்கள் ஒரெக்சின் என்ற பொருளைச் சுரக்கின்றன. 1998-இல் இதைக் கண்டறிந்தவர்கள் எலிகளுக்குச் செலுத்தியபோது அவை அதிகம் தின்றன. அதனால் பசி என்று பொருள்படும் 'ஒரெக்சிஸ்' என்பதிலிருந்து பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் இதன் முக்கிய வேலை விழிப்பைத் தாங்கிப் பிடிப்பது. கேட்டப்லெக்சியோடு வரும் நார்கோலெப்சியில் இந்த அணுக்களில் பெரும்பாலானவை அழிந்திருக்கும். உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே அவற்றைத் தாக்குகிறது என்பது இன்று வலுவாகச் சந்தேகிக்கப்படுகிறது.

ஒரெக்சின், மூளையை விழிப்பில் வைக்கும் மையங்களை விடாமல் தூண்டிக்கொண்டிருக்கும். அது இல்லாவிட்டால் தாழ்ப்பாள் இல்லாத கதவு மாதிரிதான்: விழிப்பும் தூக்கமும் நினைத்த நேரத்தில் மாறிக்கொள்ளும். சரி, தசை ஏன் துவள வேண்டும்? கனவு காணும் உறக்கத்தில், கனவில் ஓடுவதை உடல் நிஜமாகச் செய்துவிடாதபடி மூளைத்தண்டு தசைகளை முடக்கி வைக்கிறது. ஒரெக்சின் இல்லாதவருக்குச் சிரிப்பு போன்ற திடீர் உணர்ச்சியே அந்த முடக்கத்தை விழித்திருக்கும்போதே வரவழைத்துவிடுகிறது. முகம் தொங்கும், தலை சாயும், முழங்கால் மடங்கும். ஆனால் நினைவு தப்பாது; பக்கத்தில் பேசுவதெல்லாம் காதில் விழும். பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் தானே சரியாகிவிடும். வலிப்பு என்றும் மயக்கம் என்றும் தவறாக எண்ணுபவர்கள் இந்த நினைவு தப்பாமையைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? 'தூக்க வியாதி' என்றால் ஆப்பிரிக்காவில் செட்சி ஈ பரப்பும் நோயோடு குழம்பும். 'துயில்மயக்கம்' அழகுதான், ஆனால் நினைவு தப்புவதுபோல் ஒலிக்கிறது. 'லெப்சிஸ்' என்பதற்கு நம்மிடம் நேர்ச்சொல் இருக்கிறது: சளி பிடிக்கிறது, கிறுக்குப் பிடிக்கிறது என்கிறோமே, அதே பிடித்தல்தான். ஆனால் 'துயிற்பிடிப்பு' என்று எழுதினால் கழுத்துப் பிடிப்பு நினைவுக்கு வரும். ஆகவே 'துயிற்பீடிப்பு' என்பது என் தேர்வு. கேட்டப்லெக்சிக்குத் 'தசைத்தளர்வு' போதாது, அது ஓய்வையும் குறிக்கும். 'தசைத்துவள்வு' என்றால் அந்த வியாபாரியின் கால் மடங்குவது கண்ணில் தெரிகிறது.