அலுமினியம் சிலிக்கானைத் தொடும் இடத்தில் எழும் அரண்

பாஸ்பரஸ் சிறிதளவு கலந்த சிலிக்கான் துண்டின் மேல் அலுமினியத்தைப் படியவைத்து மின்சாரம் செலுத்தினால், ஒரு திசையில் தாராளமாகப் போகும், எதிர்த்திசையில் ஏறக்குறைய நின்றுவிடும். நாம் வைத்தது வெறும் இணைப்பு, கிடைத்ததோ டையோடு. பாஸ்பரஸை மட்டும் பல ஆயிரம் மடங்கு கூட்டினால், அதே அலுமினியம் இரண்டு திசையிலும் ஒழுங்காகக் கடத்துகிறது.

ஒரு பொருளில் எலக்ட்ரான்கள் ஏறத்தாழ எதுவரை நிரம்பியிருக்கின்றனவோ அந்த ஆற்றல் எல்லைதான் ஃபெர்மி மட்டம். அங்கிருந்து ஓர் எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையான ஆற்றல்தான் அதன் வெளியேற்று ஆற்றல். தங்கத்துக்கு இது சுமார் 5.1 எலக்ட்ரான் வோல்ட். பாஸ்பரஸ் சிறிதளவு கலந்த சிலிக்கானுக்கு ஏறத்தாழ 4.25. இரண்டும் தொட்டதும், சிலிக்கானின் எலக்ட்ரான்களில் ஒரு பகுதி தங்கத்துக்குள் இறங்கிவிடும். அவை விட்டுச்சென்ற பாஸ்பரஸ் அயனிகள் நேர்மின்னூட்டத்தோடு இருந்த இடத்திலேயே நிற்கும். இப்படி எலக்ட்ரான் இல்லாமல் போன பகுதியைத்தான் இயக்கமில்லாப் பகுதி என்கிறோம். அங்கே உருவாகும் மின்புலம் மேற்கொண்டு எலக்ட்ரான்கள் போகாமல் தடுக்கும்போது ஓட்டம் சமநிலைக்கு வரும். எஞ்சுவது ஓர் ஆற்றல் மேடு. இதுதான் ஷாட்கி அரண்.

இந்த மேட்டின் இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லை என்பதுதான் முக்கியம். உலோகத்தை நேர்முனையோடு இணைத்தால் சிலிக்கான் பக்கத்து ஏற்றம் குறைகிறது. அறை வெப்பநிலையில் ஒவ்வொரு 60 மில்லிவோல்ட்டுக்கும் மின்னோட்டம் சுமார் பத்து மடங்காகும். முனைகளை மாற்றினால் அந்த ஏற்றம் இன்னும் உயர்ந்துவிடும். உலோகத்திலிருந்து வர வேண்டிய எலக்ட்ரான்களுக்கோ மேட்டின் உயரம் எப்போதும் கிட்டத்தட்ட அதேதான், எத்தனை வோல்ட் கொடுத்தாலும் பெரிதாகக் குறையாது. அதனால்தான் எதிர்த்திசையில் சொற்பக் கசிவு மட்டும். மின்னோட்டம் ஒருவழிப்பாதையாவது இப்படித்தான்.

சரி, அப்படியானால் வெளியேற்று ஆற்றல் குறைவான உலோகத்தை எடுத்தால் அரணே இருக்காதே? கணக்கு அப்படித்தான் சொல்கிறது. உலோகத்தின் வெளியேற்று ஆற்றலிலிருந்து சிலிக்கானில் சுதந்திரமாக ஓடும் எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையான ஆற்றலை, அதாவது எலக்ட்ரான் நாட்டமான 4.05-ஐக் கழித்தால் வருவதுதான் அரணின் உயரம். அலுமினியத்துக்குச் சுமார் 4.28 என்று கொண்டால் 0.23 வர வேண்டும், தங்கத்துக்கு 1.05. அளந்து பார்த்தால் அலுமினியத்துக்குச் சுமார் 0.7, தங்கத்துக்குச் சுமார் 0.8. உலோகங்களுக்கு நடுவே 0.8 வித்தியாசம் இருந்தும் அரண்களுக்கு நடுவே 0.1தான் தேறுகிறது.

இதற்கு விளக்கம் சொன்னவர் அமெரிக்க இயற்பியலாளர் ஜான் பார்டீன், 1947-இல். படிகம் முடியும் பரப்பில் எலக்ட்ரான்கள் தங்கக்கூடிய கூடுதல் நிலைகள் இருக்கின்றன. அவை ஏராளமாக இருந்தால், உலோகம் வருவதற்கு முன்பே சிலிக்கானின் எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொண்டு ஃபெர்மி மட்டத்தை ஓரிடத்தில் கட்டிப்போட்டுவிடும். எந்த உலோகம் வந்தாலும் அதன் தாக்கம் பெரும்பாலும் அந்தப் பரப்போடு அடங்கிவிடுகிறது. எனவே உலோகத்தை மாற்றி மாற்றிப் பார்த்து சிலிக்கானில் நல்ல ஓமிக் இணைப்பை, அதாவது மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இரு திசையிலும் கடத்தும் இணைப்பைத் தேடுவது பெரும்பாலும் வீண்வேலை.

அப்புறம் என்ன வழி? உயரத்தைக் குறைக்க முடியாவிட்டால் தடிமனைக் குறைக்கலாம். ஐம்பது லட்சம் சிலிக்கான் அணுக்களுக்கு ஒரு பாஸ்பரஸ் அணு இருந்தால் இயக்கமில்லாப் பகுதியின் தடிமன் சுமார் 250 நானோமீட்டர். ஐந்நூறுக்கு ஒன்று என்று கூட்டினால், தேவையான அயனிகள் நெருக்கமாகவே கிடைத்துவிடுவதால் தடிமன் 3 நானோமீட்டர் அளவுக்குச் சுருங்கும். அவ்வளவு மெல்லிய அரணை எலக்ட்ரான்கள் ஏறிக் கடக்க வேண்டியதில்லை; குவாண்டம் முறையில் ஊடுருவியே போய்விடும், இரு திசையிலும். அரண் அப்படியே இருக்கிறது, ஆனால் தடுப்பதில்லை. சில்லு செய்பவர்கள் உலோகம் தொடும் இடத்தில் மட்டும் பாஸ்பரஸ் போன்ற மாசு அணுக்களை அடர்த்தியாகச் செலுத்துவது இதற்காகத்தான்.

கிடைத்த இணைப்பு உண்மையில் ஓமிக்தானா என்று பார்ப்பதில் ஒரு சறுக்கல் உண்டு. ஒரே துண்டில் ஒரே மாதிரியான இரண்டு இணைப்புகளை வைத்து அளந்தால், இரண்டும் டையோடாக இருந்தாலும் வரைகோடு இரு திசையிலும் ஒரே மாதிரி வரும், ஏனென்றால் எப்போதும் ஏதோ ஒன்று எதிர்த்திசையில் இருக்கும். சமச்சீரைப் பார்த்து ஏமாறாமல், சுழி வோல்ட்டின் அருகிலும் அதைத் தாண்டியும் கோடு நேராகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். இன்னும் சந்தேகம் என்றால் திரவ நைட்ரஜனில் குளிர்விக்கலாம். அரணை ஏறிக் கடக்கும் மின்னோட்டம் அந்தக் குளிரில் அடியோடு விழுந்துவிடும். ஊடுருவிப் போகும் மின்னோட்டம் கொஞ்சம்தான் மாறும்.