‘ஓடும்போது’ என்ற சொல்லில் நின்றுவிடும் பிள்ளை: டிஸ்லெக்ஸியா உள்ளவருக்கு ஒரு பத்தியைப் படிக்கக் கற்றுத்தருவது

டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புச் சிரமம் உள்ள நாலாம் வகுப்புப் பிள்ளை பத்தியில் திணறினால், வீட்டில் உடனே ‘அ, ஆ’வுக்குத் திரும்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் தனி எழுத்துகள் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தே இருக்கும். அவற்றைக் கூட்டிச் சொல்லாக்குவதிலேயே கவனம் முழுக்கச் செலவாகி, வாக்கியம் முடியும்போது அதன் தொடக்கம் மறந்துபோகிறது.

அதனால் முதல் வேலை, பத்தியை நாம் வாசித்துக் காட்டி, புரிகிறதா என்று பார்ப்பது. கேட்டால் புரிகிறது, படித்தால் புரியவில்லை என்றால் கீழே சொல்லும் முறை உதவும். கேட்டும் புரியவில்லை என்றால் காரணம் வேறாக இருக்கலாம். காதுப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஓசூர், வேப்பனப்பள்ளிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைக்கு அந்தத் தமிழ்ச் சொல்லே புதிதாகவும் இருக்கலாம்.

இந்தப் பத்தியை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 23 சொற்கள். ஒரு நாளைக்கு இது போதும்.

“தருமபுரி மாவட்டத்தில் காவிரி ஆற்றின் கரையில் ஒகேனக்கல் இருக்கிறது. அங்கே பரிசல் ஓட்டுபவர்கள் பலர் வாழ்கிறார்கள். வெள்ளம் பெருக்கெடுத்து ஓடும்போது பரிசல் ஓட்டத் தடை விதிக்கப்படுகிறது. அப்போது அவர்களுக்கு வருமானம் இருக்காது.”

மூன்றாவது வாக்கியம்தான் கடினம். இரண்டிரண்டு சொல்லாகக் கோடு போட்டால் ‘ஓடும்போது பரிசல்’ என்று ஒரு துண்டு வரும். ஆறு ஓடுவது போய், பரிசல் ஓடுவதாகப் பிள்ளை புரிந்துகொள்ளும். எண்ணிக்கையைப் பார்த்து வெட்டாமல் பொருள் முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள்: வெள்ளம் பெருக்கெடுத்து ஓடும்போது / பரிசல் ஓட்டத் / தடை விதிக்கப்படுகிறது.

நீண்ட சொல்லை அதற்குள்ளேயே இன்னொரு முறை பிரிக்க வேண்டும். ‘விதிக்கப்படுகிறது’ என்பதை ‘விதிக்கப் – படுகிறது’ என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்டலாம். ஒற்றைக் கொம்பை அதன் எழுத்திலிருந்து பிரித்து எழுதிவிடாதீர்கள். ‘பெ’யில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது, பிள்ளை ஏற்கெனவே தடுமாறும் இடம் அது.

அடுத்தது ஒலி. செல்போனில் நீங்களே வாசித்துப் பதிவு செய்யுங்கள். எழுத்தெழுத்தாக இழுக்காமல் இயல்பாக வாசித்து, கோடு போட்ட இடத்தில் மட்டும் ஒரு மூச்சு விடுங்கள். முதல் முறை தாளை மூடிவைத்து வெறுமனே கேட்கட்டும். இரண்டாம் முறை ஒலிக்கேற்ப விரல் நகரட்டும். மூன்றாம் முறை ஒவ்வொரு துண்டுக்கும் நிறுத்தி, பிள்ளை திருப்பி வாசிக்கட்டும். நாலாம் முறை ஒலி வேண்டாம்.

இங்கேதான் ஏமாந்துபோகிறோம். இத்தனை தடவை கேட்ட பிள்ளை பத்தியை மனப்பாடமாகவே ஒப்பித்துவிடும். நாம் படித்துவிட்டது என்று மகிழ்ந்துவிடுவோம். விரல் ஒரு சொல்லில் நிற்க வாய் அடுத்த சொல்லைச் சொன்னால் அது ஒப்பிப்பு. பத்தியின் நடுவில் ‘ஓட்டத்’ என்பதை மட்டும் காட்டிக் கேளுங்கள். ‘ஓடும்’ என்று சொன்னால் முதல் எழுத்தைப் பார்த்து ஊகித்திருக்கிறது. இரண்டு சொல்லையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எங்கே மாறுகிறது என்று அதையே காட்டச் சொல்லுங்கள். ஆனால் ‘இருக்கிறது’ என்பதை ‘இருக்குது’ என்று வாசித்தால் அந்த இடத்தில் நிறுத்த வேண்டாம். பேச்சு வழக்கில் பொருளைப் பிடித்துக்கொண்டே போகிறது. முடிந்த பிறகு திருத்தலாம்.

கேள்விகளில் ஒன்றைப் படிக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்: “பரிசல்காரங்களுக்கு எப்போ வருமானம் இல்லாம போகுது, பார்த்துச் சொல்லு கண்ணு.” எதைத் தேடிப் படிக்கிறோம் என்று தெரிந்தால் மூன்றாவது வாக்கியத்தில் பிள்ளை மனசு நிற்கும். படித்து முடித்ததும் “புரிஞ்சுதா?” என்று கேட்டால் ‘ம்’ என்ற பதில்தான் வரும். அதற்குப் பதில் “அவர்களுக்குன்னா யாருக்கு?”, “அப்போதுன்னா எப்போ?” என்று கேளுங்கள். ஒரு வாக்கியத்தை இன்னொன்றோடு கட்டும் சொற்கள் இவை, டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளை தாண்டிப் போய்விடுகிற சின்னச் சொற்களும் இவையே.

பென்னாகரம் பக்கத்துப் பிள்ளைக்குத் தண்ணீர் அதிகமானால் பரிசல் ஓடாது என்பது படிக்காமலே தெரியும். எனவே பதில் சரியாக இருந்தாலும் “எந்த வரியில போட்டிருக்கு?” என்று கேட்டு, விரல் வைக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் 20 நிமிடத்துக்குள் முடியட்டும். கண்ணைக் கசக்கினால் அங்கேயே நிறுத்திவிடலாம். மறுநாள் கோடுகளை அழித்துவிட்டு, ஒலி இல்லாமல் ஒரு முறை வாசிக்கவையுங்கள். மூன்றாவது வாக்கியத்தில் சரியான இடத்தில் பிள்ளையே மூச்சு விட்டால், அடுத்த பத்தியில் பாதிக் கோடுகளை அதன் கையாலேயே போடவைக்கலாம். எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் தினசரிப் பயிற்சிக்கு இது மாற்று ஆகாது. அது தனியாக நடக்க வேண்டும்.